நாளை காலை எட்டு மணிக்கு வா

இன்று தேவைப்படாத காகிதத்தைத் தேவைப்படும் நாளில் மேசைக்கு வரவழைக்கும் வித்தை மின்னஞ்சலுக்கு முன்பே அமெரிக்க அலுவலகங்களில் இருந்தது. அதற்கு ‘டிக்லர் ஃபைல்’ என்று பெயர். மொத்தம் 43 அட்டை உறைகள். அவற்றில் 31 உறைகள் நாள்களுக்கு, 12 மாதங்களுக்கு. மார்ச் 14 அன்று பார்க்க வேண்டிய காகிதம் ‘14’ என்று எழுதிய உறைக்குள் போகும். ஆகஸ்டில் பார்க்க வேண்டியது ஆகஸ்ட் உறைக்குள் போகும்.

மார்ச் 3ஆம் தேதி காலை ‘3’ உறையைத் திறந்து, உள்ளே இருப்பதை மேசையில் கொட்டிவிட்டு, காலியான உறையை ஏப்ரல் உறைக்குப் பின்னால் செருகுவார்கள். அந்த நொடியில் அது ஏப்ரல் 3 ஆகிவிடுகிறது. மாதம் பிறந்ததும் அந்த மாதத்தின் உறையைப் பிரித்து, உள்ளிருப்பதை நாள் உறைகளில் போட்டுவிடுவார்கள். டேவிட் ஆலன் 2001இல் எழுதிய ‘கெட்டிங் திங்ஸ் டன்’ என்ற புத்தகம் இந்தப் பழைய ஏற்பாட்டைக் கணினித் தலைமுறைக்குக் கொண்டுவந்தது. 2004இல் மெர்லின் மான் தொடங்கிய இணையதளத்துக்கு ‘43 ஃபோல்டர்ஸ்’ என்றே பெயர் வைத்தார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காகிதத்தின் மேல் யாரும் தேதி எழுதுவதில்லை. அது எங்கே கிடக்கிறதோ அதுதான் அதன் தேதி. இன்றைக்கு ஒரு மெயிலை ‘ஸ்னூஸ்’ செய்து, வெள்ளிக்கிழமை காலை இன்பாக்ஸின் உச்சிக்கு வரச் சொல்கிறோமே, அந்த வசதியின் கதை முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது: திரும்பி வர வேண்டிய நாளை யார் வைத்திருக்கிறார்கள், எங்கே வைத்திருக்கிறார்கள்?

மெயில் தானே வைத்திருக்க முடியாது. 1982இல் மெயிலின் வடிவத்தை வகுத்த ஆர்எஃப்சி 822 என்ற ஆவணத்தில் `Date` என்ற வரி இருக்கிறது. அது அனுப்புகிறவர் எழுதுகிற தேதி. 1986இல் மார்க் கிரிஸ்பின் ஐமேப் நெறிமுறையைத் தொடங்கினார். சர்வரில் இருக்கும் மெயிலைப் பல கருவிகளில் இருந்து ஒரே மாதிரி பார்க்க உதவுவது அது. அதில் `INTERNALDATE` என்றொரு தேதி உண்டு. அது சர்வர் மெயிலைப் பெற்றுக்கொண்ட நேரம். இரண்டுமே நடந்து முடிந்ததைச் சொல்பவை. ‘இந்த மெயிலை இன்ன நாளில் காட்டு’ என்று எதிர்காலத்தைக் குறித்துவைக்க எங்கும் ஒரு கட்டம் இல்லை. அஞ்சல் என்பது போய்ச் சேர வேண்டியது, அவ்வளவுதான். சேர்ந்த பிறகு பெறுகிறவர் அதைத் தள்ளிப்போடுவார் என்று அந்தக் காலத்தில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஆகவே முதலில் வந்தவர்கள் வெளியே இருந்து ஒட்டுப்போட்டார்கள். ஃபாலோஅப்தென் போன்ற சேவைகளில் மெயிலை `3days@followupthen.com` என்ற முகவரிக்குத் தள்ளிவிட்டால், மூன்று நாள் கழித்து அது உங்களுக்கே திரும்பி வரும். அட்டை உறையின் தர்க்கம்தான் இதிலும் இருக்கிறது, அனுப்பிய முகவரியே தேதி. திரும்பி வருவது உண்மையிலேயே புதிதாக அனுப்பப்பட்ட மெயில் என்பதால், எந்தச் செயலியில் பார்த்தாலும் அது இன்பாக்ஸின் உச்சியில்தான் நிற்கும். பின்னால் வந்த பெரிய நிறுவனங்கள் பட்ட பாட்டைப் பார்த்தால், இந்த எளிய வழியின் அருமை விளங்கும். ஆனால் விலையும் உண்டு. உங்கள் மெயிலின் பிரதி ஒன்று மூன்றாம் ஆளிடம் போகிறது. மூல மெயில் இன்பாக்ஸிலேயே கிடக்கிறது, அதை நீங்களே எடுத்துப் போட வேண்டும்.

2010இல் பூமராங் என்ற நீட்சி ஜிமெயிலுக்கு வந்தது. மெயிலை மறைத்து வைத்துக் குறித்த நேரத்தில் கொண்டுவருவதோடு, ‘யாரும் பதில் போடாவிட்டால் மட்டும் கொண்டுவா’ என்ற நிபந்தனையையும் அது சேர்த்தது. எனக்கு அதைவிட சுவாரசியமாகப்படுவது அடுத்த ஆண்டு வந்த ஒரு சின்ன நிரல். 2011 ஜூலையில் கூகுள் பொறியாளர் ஒருவர், ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்ற கருவியில் சில பத்து வரிகளில் ஜிமெயிலுக்கு ஸ்னூஸ் வசதியைச் செய்து வெளியிட்டார். ஜிமெயிலில் அப்போது அந்த வசதி கிடையாது. விருப்பப்பட்டவர்கள் அந்த வரிகளைத் தங்கள் கணக்கில் ஒட்டிக்கொள்ளலாம்.

அது செய்தது இதுதான். `Snooze/Snooze 1 days` முதல் `Snooze/Snooze 7 days` வரை ஏழு லேபிள்களை உருவாக்கும். மூன்று நாள் தள்ளிப்போட வேண்டிய மெயிலுக்கு மூன்றாம் லேபிளை ஒட்டி, இன்பாக்ஸில் இருந்து நீக்கிவிட வேண்டும். ஒவ்வோர் இரவும் நள்ளிரவுக்குப் பிறகு நிரல் தானாக ஓடும். முதலில் ஒன்றில் இருப்பதை இன்பாக்ஸுக்கு அனுப்பும், பிறகு இரண்டில் இருப்பதை ஒன்றுக்கு நகர்த்தும், இப்படியே கடைசியில் ஏழில் இருப்பதை ஆறுக்கு நகர்த்தும். வேலை முடிந்தது.

43 உறைகள் இங்கே 7 ஆகிவிட்டன. அலுவலகத்தில் உறை நகர்ந்தது, இங்கே காகிதம் நகர்கிறது. நிரலின் எந்த வரியிலும் தேதி என்று ஒன்று இல்லை என்பதைப் பாருங்கள். ‘மூன்று நாள்’ என்பது மூன்று இரவு ஓடினால்தான் மூன்று நாள். ஏதோ காரணத்தால் ஓர் இரவு நிரல் ஓடாமல் போனால், ஏழு லேபிள்களில் இருக்கும் எல்லா மெயிலும் ஒரு நாள் பிந்திவிடும். எதுவும் தொலையாது, எந்தப் பிழைச் செய்தியும் இன்பாக்ஸில் வந்து நிற்காது. வியாழக்கிழமை வர வேண்டியது வெள்ளிக்கிழமை வரும். அட்டை உறையில் ஒரு காலை தவறினால் நேற்றைய எண் முன்னால் நின்று முறைக்கும். இங்கே முறைக்க எதுவும் இல்லை.

இன்னொரு குறையும் அந்த நிரலிலேயே தெரிந்தது. மெயில் இன்பாக்ஸுக்குத் திரும்பி வரும், ஆனால் உச்சிக்கு வராது. ஜிமெயில் அப்போது தன் வரிசையைக் கடைசியாக மெயில் வந்த தேதியை வைத்து அடுக்கியது. ஒரு வாரத்துக்கு முந்தைய மெயிலை இன்பாக்ஸில் மறுபடி வைத்தால், அது ஒரு வாரத்துக்கு முந்தைய இடத்திலேயே போய் உட்காரும், ஒருவேளை இரண்டாம் பக்கத்தில். அதனால்தான் நிரலின் தொடக்கத்தில் `MARK_UNREAD`, `ADD_UNSNOOZED_LABEL` என்று இரண்டு தெரிவுகள் இருந்தன. ஒன்று படிக்காத மெயில் போலத் தடித்த எழுத்தாக்கும், மற்றது ‘திரும்பி வந்தது’ என்று தனி லேபிள் ஒட்டும். கீழே கிடந்தாலும் கண்ணில் படட்டும் என்ற ஏற்பாடு.

‘இன்பாக்ஸின் உச்சி’ என்பது மெயிலின் குணம் இல்லை, பார்க்கிற செயலியின் குணம். இந்த உண்மை அடுத்து வந்த எல்லோரையும் துரத்தியது.

2013 பிப்ரவரி 7 அன்று ஐபோனுக்கு ‘மெயில்பாக்ஸ்’ என்ற செயலி வந்தது. ஜென்ட்ரி அண்டர்வுட்டும் ஸ்காட் கேனனும் நடத்திய ஆர்கெஸ்ட்ரா என்ற நிறுவனம் செய்தது. அதற்கு முன் அவர்கள் செய்தது ஒரு வேலைப்பட்டியல் செயலி. மெயில்பாக்ஸைத் தரவிறக்கியதும் திறந்துவிட முடியாது, வரிசையில் நிற்க வேண்டும். உங்களுக்கு முன்னால் எத்தனை பேர், பின்னால் எத்தனை பேர் என்று திரையில் எண்கள் ஓடும். ரேஷன் கடை வரிசையில்கூட அந்தத் தெளிவு கிடைக்காது.

வரிசை வெறும் விளம்பர உத்தி என்று அப்போது பலர் முணுமுணுத்தார்கள். ஆனால் தொழில்நுட்பக் காரணம் ஒன்று இருந்தது. மெயில்பாக்ஸ் உங்கள் ஜிமெயிலைப் போனில் இருந்து நேராகப் படிக்கவில்லை. அவர்களுடைய சர்வர் உங்கள் கணக்கில் நுழைந்து, மெயிலைப் பார்த்து, போனுக்குத் தள்ளியது. ஸ்னூஸ் நேரத்தை வைத்திருந்ததும் அந்த சர்வர்தான். போன் அணைந்து கிடந்தாலும் நாளைக் காலை மெயில் திரும்பி வர வேண்டும் என்றால், எங்கோ ஒரு கணினி விழித்திருந்தாக வேண்டும். புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் அந்தக் கணினிக்குக் கூடுதல் சுமை. அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே விட்டார்கள்.

அந்தச் செயலியின் கைவண்ணம் விரலில் இருந்தது. மெயிலை வலப்புறம் தள்ளினால் பெட்டகத்துக்குப் போகும், இடப்புறம் தள்ளினால் ஒரு கட்டத்திரை விரியும். இன்று பிற்பாடு, இன்று மாலை, நாளை, வார இறுதி, அடுத்த வாரம், ஒரு மாதம் கழித்து, ‘என்றாவது ஒருநாள்’. இரண்டு தொடுகையில் காரியம் முடிந்தது. தேதியைத் தட்டச்சு செய்யவைத்திருந்தால் இது பரவியிருக்காது என்பது என் கருத்து. ‘என்றாவது ஒருநாள்’ என்ற கட்டத்தை வைத்தவருக்கு மனிதர்களை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

வெளியான ஐந்து வாரங்களில், 2013 மார்ச்சில், டிராப்பாக்ஸ் நிறுவனம் மெயில்பாக்ஸை வாங்கியது. 2015 டிசம்பரில் மூடப்போவதாக அறிவித்து, 2016 பிப்ரவரி 26 அன்று மூடியது.

செயலி செத்தால் தள்ளிப்போட்ட மெயில்கள் என்ன ஆகும்? மெயில்பாக்ஸ் அவற்றைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. உங்கள் ஜிமெயிலிலேயே `[Mailbox]/Later` என்ற லேபிளுக்குள் நகர்த்தி வைத்திருந்தது. ஆகவே மெயில் பத்திரம். ஆனால் திரும்பி வர வேண்டிய நாள் அந்த லேபிளில் இல்லை. அது டிராப்பாக்ஸின் சர்வரில் இருந்தது. சர்வர் நின்ற பிறகு, நாளைக்கு வர வேண்டியதும் ஆகஸ்டில் வர வேண்டியதும் ஒரே குவியலாக அந்த லேபிளுக்குள் கிடந்தன. தேடிப் போய்ப் பார்க்காதவர்களுக்கு அவை வரவே வராது. அட்டை உறைகளில் எண்ணை அழித்துவிட்டு, காகிதங்களை மட்டும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்த மாதிரி.

இதற்குள் கூகுளே களத்தில் இறங்கியிருந்தது. 2014 அக்டோபரில் ‘இன்பாக்ஸ் பை ஜிமெயில்’ என்ற தனிச் செயலி, முதலில் அழைப்பு இருந்தவர்களுக்கு மட்டும் வந்தது. அதில் ஸ்னூஸ் செய்ய நேரத்தை மட்டுமல்ல, இடத்தையும் சொல்லலாம். ‘வீட்டுக்குப் போனதும் காட்டு’ என்று சொல்லிவிடலாம். அழகான யோசனைதான். ஆனால் நேரம் சர்வருக்குத் தெரியும், நீங்கள் நிற்கும் இடம் போனுக்குத்தான் தெரியும். இடத்தை நம்பித் தள்ளிப்போட்ட மெயில், போன் தன் இருப்பிடத்தைச் சொல்ல மறுத்தால் வந்து சேராது. 2018 ஏப்ரலில் ஜிமெயிலைப் புதுப்பித்தபோது ஸ்னூஸ் அதற்குள் நேரடியாக வந்தது. இடம் பற்றிய பகுதி வரவில்லை. ‘இன்பாக்ஸ்’ செயலி 2019 ஏப்ரல் 2 அன்று மூடப்பட்டது. காலை என்றால் 8 மணி, மாலை என்றால் 6 மணி என்று ஜிமெயில் வைத்திருந்த இயல்பு நேரங்களை மாற்ற, குறிப்பு எழுதும் செயலியான கூகுள் கீப்பின் அமைப்புகளுக்குள் போகும்படி கூகுளின் உதவிப் பக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. ஏன் அங்கே என்று கேட்கக் கூடாது.

இனி உள்ளே நடப்பதை ஒரு மெயிலின் பின்னால் போய்ப் பார்ப்போம். ஜிமெயிலின் உட்புறம் நமக்குத் திறந்து கிடக்கவில்லை. சைரஸ் என்ற திறந்தமூல மெயில் சர்வரின் உட்புறம் திறந்து கிடக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஃபாஸ்ட்மெயில் நிறுவனம் அதைத்தான் பயன்படுத்துகிறது, அதன் வளர்ச்சியிலும் பங்கெடுக்கிறது.

சென்னையில் இருப்பவருக்கு 2025 மார்ச் 3, திங்கள்கிழமை, விமான டிக்கெட் மெயில் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 14, வெள்ளி, காலை 8 மணிக்கு அவர் சிங்கப்பூரில் இருப்பார். திரும்பி வரும் பயணத்துக்கான விவரம் அன்று தேவை. அந்த நேரத்துக்கு ஸ்னூஸ் செய்கிறார். சர்வர் மெயிலை இன்பாக்ஸில் இருந்து ஸ்னூஸ் ஃபோல்டருக்கு நகர்த்துகிறது. கூடவே மெயிலுக்கு ஒரு குறிப்பையும் சேர்க்கிறது:

```
"snoozed": {
  "until": "2025-03-14T02:30:00Z"
}
```

காலை 8 மணி என்றுதானே கேட்டார், 2:30 எங்கிருந்து வந்தது? இறுதியில் உள்ள `Z` உலகப் பொதுநேரம் என்பதைக் குறிக்கிறது. இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால் இருப்பதால் 8 மணி 2:30 ஆகிறது. கடைசியில், தேதி மெயிலோடேயே, அதே சர்வரில் சேர்ந்துவிட்டது. உறையும் எண்ணும் ஒரே இடத்தில் இருக்கின்றன. சைரஸில் நாட்காட்டி அலாரங்களை எழுப்பும் `calalarmd` என்ற பின்னணி நிரல்தான் இதையும் கவனித்துக்கொள்கிறது. நேரம் வந்ததும் மெயிலை இன்பாக்ஸுக்கு நகர்த்துகிறது.

நகர்த்தியதும் பழைய சிக்கல் தலை காட்டுகிறது. ஐமேப் விதிப்படி, ஒரு மெயிலை ஃபோல்டர் விட்டு ஃபோல்டர் மாற்றும்போது அதன் `INTERNALDATE` மாறாமல் இருக்க வேண்டும். அது நல்ல விதிதான், இல்லாவிட்டால் பத்து வருட மெயிலை ஒழுங்குபடுத்துகிறவருக்கு எல்லாம் இன்று வந்ததாகக் காட்டும். ஆனால் நம் டிக்கெட் மெயில் மார்ச் 3 என்ற தேதியோடேயே திரும்பி வருகிறது. அதற்குப் பிறகு வந்த 11 நாள் மெயில்களுக்குக் கீழே போய் விழும். தேதியையே திருத்திவிடலாம் என்றால், மெயில் எப்போது வந்தது என்ற உண்மை அழிந்துவிடும். டிக்கெட்டுக்குப் பரவாயில்லை, வழக்கறிஞர் நோட்டீஸ் என்றால்?

இதற்கு ஒரு நேர்மையான விடை 2019 ஜனவரியில் வந்தது. ஆர்எஃப்சி 8514 என்ற ஆவணம் ஐமேப்பில் `SAVEDATE` என்ற மூன்றாம் தேதியைச் சேர்த்தது. இந்த மெயில் இப்போது இருக்கும் ஃபோல்டருக்குள் எப்போது வந்து சேர்ந்தது என்பதை அது சொல்லும். அனுப்பிய நாளும் மார்ச் 3, சர்வர் பெற்ற நாளும் மார்ச் 3, இன்பாக்ஸுக்குள் வந்த நாள் மட்டும் மார்ச் 14. மூன்றுமே உண்மை. பார்க்கிற செயலி இந்த மூன்றாம் தேதியை வைத்து அடுக்கினால் மெயில் உச்சிக்கு வரும். அடுக்காவிட்டால் வராது. அந்த முடிவு இன்னமும் செயலியின் கையில்தான் இருக்கிறது.

ஆகவே ஒரு செயலியில் ஸ்னூஸ் செய்துவிட்டு வேறொன்றில் பார்க்கிறவர்களுக்கு நேரும் குழப்பத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. ஜிமெயிலின் இணையப் பக்கத்தில் ஸ்னூஸ் செய்தவர், அதே கணக்கை ஐமேப் வழியாகப் போனின் வேறு மெயில் செயலியில் வைத்திருக்கிறார். ஸ்னூஸ் செய்ததும் அந்தச் செயலியின் இன்பாக்ஸில் இருந்து மெயில் காணாமல் போகும். அழித்துவிட்டோமோ என்று பதற வேண்டாம், ஜிமெயிலின் ‘எல்லா மெயில்’ பகுதியில் அது இருக்கும். குறித்த நேரத்தில் சில செயலிகள் ‘புது மெயில்’ என்று மணி அடிக்கும், ஏனென்றால் நகர்த்தப்பட்ட மெயிலுக்கு சர்வர் புது எண் தருகிறது. திறந்து பார்த்தால் மேலே எதுவும் இருக்காது. மணி அடித்தும் உச்சியில் ஒன்றும் இல்லை என்றால், வந்தது ஸ்னூஸ் முடிந்த மெயில்தான். பழைய தேதிக்குக் கீழிறங்கிப் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூருக்குப் போன நம் ஆளுக்கு வருவோம். குறித்துவைத்த நேரம் 02:30 பொதுநேரம். சிங்கப்பூர் அதற்கு எட்டு மணி முன்னால். அங்கே மெயில் வருவது காலை 10:30க்கு. அவர் லண்டனுக்குக் கோடையில் போயிருந்தால் அதே கணக்கு அதிகாலை 3:30க்கு மெயிலை எழுப்பியிருக்கும். இதற்கு மாற்றாக, ‘அவர் எங்கிருந்தாலும் அங்கே காலை 8 மணி’ என்று எழுதிவைக்கலாம். அப்படிச் செய்தால், இந்திய நேரப்படி நடக்கும் தொலைபேசிக் கூட்டத்துக்காகத் தள்ளிப்போட்ட மெயில் லண்டனில் பிந்தி வந்து கெடுக்கும். எட்டு மணி என்று சொல்லும்போது எந்த எட்டு மணியை மனத்தில் வைத்தோம் என்பது கட்டத்திரைக்குத் தெரியாது.

நாள்களை மணிகளாகப் பெருக்கிக் கூட்டுகிற நிரல் என்றால் வேறு வகையில் சறுக்கும். நியூயார்க்கில் 2025 மார்ச் 9 அன்று கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளினார்கள். மார்ச் 3 காலை 8 மணியோடு 11 முறை 24 மணி நேரத்தைக் கூட்டினால், மார்ச் 14 காலை 9 மணி வரும். கடிகாரத்தைத் தொடாத நம் ஊரில் இந்தப் பிழையைச் சோதித்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

இன்னொன்று, தள்ளிப்போட்ட உரையாடலில் இடையில் யாராவது பதில் எழுதினால் என்ன ஆகும் என்பது. ஜிமெயிலில் பதில் வந்ததும் உரையாடல் உடனே இன்பாக்ஸுக்கு வந்துவிடும். ‘நன்றி’ என்று ஒற்றைச் சொல் வந்தாலும் வரும். அதைப் பார்த்துவிட்டு வழக்கம்போல் பெட்டகத்துக்குத் தள்ளுகிறவர், வெள்ளிக்கிழமை அது மறுபடி வரும் என்று நம்பியிருக்கக் கூடாது. திரும்பவும் ஒருமுறை ஸ்னூஸ் செய்துவிடுவதே பாதுகாப்பு.

2022இல் ஆப்பிளின் மெயில் செயலிக்கும் ‘ரிமைண்ட் மீ’ என்ற பெயரில் இந்த வசதி வந்துவிட்டது. ஒவ்வொரு நிறுவனமும் நாளைத் தன் வழியில் குறித்துவைக்கிறது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிப்பதில்லை. ஜிமெயிலை விட்டு வேறு சேவைக்கு ஐமேப் வழியாக மெயில்களைக் கொண்டுபோனால் மெயில் எல்லாம் போகும், ஸ்னூஸ் நேரம் போகாது. அதனால் மாறுகிறவர்கள் கணக்கை மூடுவதற்கு முன் ஜிமெயிலின் தேடல் பெட்டியில் `in:snoozed` என்று அடித்து, வருகிற பட்டியலில் ஒவ்வொன்றும் எந்த நாளுக்குக் காத்திருக்கிறது என்று பார்த்து, அந்த நாள்களைத் தங்கள் நாட்காட்டியில் எழுதிக்கொண்டு, பிறகு எல்லாவற்றையும் இன்பாக்ஸுக்குத் திரும்ப எடுத்துவிட வேண்டும். பட்டியல் நீளமாக இருந்தால் அரை நாள் வேலை.